காலில் ஒரு பேனாக் கோடு: தோலில் எது பொறுக்கும், எது அன்றைக்கே பார்க்க வேண்டியது

நான் மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் நர்ஸ். வீடு தாராவியில். காலையில் பால் வாங்கப் போனாலும் யாராவது முழங்கையைத் தூக்கிக் காட்டி, "தங்கச்சி, இத கொஞ்சம் பாரேன்" என்பார்கள். முக்கால்வாசி நேரம் அது படர்தாமரையாகத்தான் இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ராத்திரி தூங்க விடாமல் அரிக்கும், ஆனால் அடுத்த வாரம் ஓபிடிக்கு வந்தால் போதும். உண்மையிலேயே அவசரமான தோல் மாற்றத்தோடு இருப்பவர்களோ பெரும்பாலும் காட்டவே மாட்டார்கள். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

காரணம், நாம் எல்லோரும் தோலைப் பார்வையால் அளக்கிறோம். அசிங்கமாக இருந்தால் அவசரம், லேசாகச் சிவந்திருந்தால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். தோலில் இந்தக் கணக்கு அநேகமாகத் தலைகீழ். நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது, உடம்பின் மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆழம் என்று எதைச் சொல்கிறேன்? தோலின் மேற்பரப்பில் இருப்பது செத்த செல்களின் மெல்லிய அடுக்கு. அதற்குக் கீழே உயிருள்ள தோல், அதற்கும் கீழே கொழுப்பு, அப்புறம் தசையைப் போர்த்தியிருக்கும் உறை. படர்தாமரைப் பூஞ்சைக்கு வேண்டிய சாப்பாடு அந்தச் செத்த அடுக்கில்தான் இருக்கிறது. அதனால் அது மேலேயே வட்டம் போட்டு, வாரக்கணக்கில் மெதுவாக விரியும். சாதாரணமாக உள்ளே இறங்காது. தேமலும் அப்படித்தான். ஆனால் ஒரு வெடிப்பு வழியாகக் கிருமி உயிருள்ள தோலுக்கும் கொழுப்புக்கும் இறங்கிவிட்டால் கதை வேறு. அங்கே ரத்தக்குழாய் ஓடுகிறது, நிணநீர்க் குழாய் ஓடுகிறது. அங்கே கிருமிக்கு நாட்கள் தேவையில்லை, மணிநேரம் போதும்.

இதை ஒரு காலை வைத்தே சொல்கிறேன். எங்கள் லைனில் கீழ்வீட்டில் ஒரு அத்தை இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலையில் இட்லி அவித்துப் பையன்களிடம் கொடுத்து அனுப்புபவர். வயது 57, சுகர் வந்து 9 வருஷம். ஒரு ஜூலையில், திங்கட்கிழமை மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் நடந்துதான் மாவு மெஷினுக்குப் போய் வந்தார். அவருடைய வலது காலில் நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே சேற்றுப்புண் உண்டு. மழைக்காலம் முழுக்க இருக்கும். வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் ஒரு கீறல். அது ஒரு நோய் என்றே அவர் நினைத்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று குளிர் நடுக்கம். மழையில் நனைந்த ஜுரம் என்று ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வியாழன் காலை 7 மணிக்கு நான் டூட்டிக்குக் கிளம்பும்போது படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மற்ற தோலைவிட அழுத்தமான நிறத்தில் இருந்தது. நம் தோலில் புத்தகத்தில் இருப்பது போலச் செக்கச்செவேல் என்று தெரியாது. மாநிறத்தில் அது செம்பழுப்பாகவும், கறுத்த தோலில் கத்தரிப்பூ சாயலாகவும் தெரியும், சில சமயம் பளபளப்பு மட்டும்தான் தெரியும். அதனால் கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். புறங்கையை முதலில் நல்ல காலில் வையுங்கள், பிறகு அதே உயரத்தில் மற்ற காலில் வையுங்கள். அத்தையின் வலது கால் தோசைக்கல்லை இறக்கி வைத்த இடம் போலச் சுட்டது. தொட்டதும் முகம் சுளித்தார். வீக்கத்தில் கொலுசு பதிந்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

பையில் இருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து அந்த நிறமாற்றத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். பக்கத்தில் "காலை 7" என்று எழுதினேன். "என்ன தங்கச்சி, காலுல மேப்பு போடுத?" என்று கேட்டார். உண்மையில் அது மேப்புதான். கண்ணுக்கு நேற்றைய அளவு ஞாபகம் இருக்காது. கோட்டுக்கு இருக்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியானது இல்லை. பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரையுங்கள், நேரம் எழுதுங்கள், பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குளிர் நடுக்கம், சுகர், ஒரு காலில் மட்டும் சூடான வலியுள்ள வீக்கம். இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால் கோடு தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போதே போகச் சொன்னேன். அவர், பையன் வரட்டும் என்றார். 11 மணிக்குப் பையன் வந்து பார்த்தபோது நிறம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. ஜுரம் 101.4 டிகிரி. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. காலில் புண் வந்தால் இடுக்கில் நெறி கட்டும் என்று நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். கிருமி நிணநீர்க் குழாய் வழியாக அங்கே வரை வந்து நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். கேஷுவாலிட்டியில் சுகர் பார்த்தபோது 312.

இதற்குப் பெயர் செல்லுலைட்டிஸ். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியால் வருகிறது, சில நேரம் ஸ்டஃபைலோகாக்கஸ். காலில் வரும்போது கிருமி நுழைந்த வாசல் பல சமயம் விரலிடுக்குச் சேற்றுப்புண்தான். டாக்டர் காலைப் பார்த்த கையோடு முதலில் விரல்களை விரித்துத்தான் பார்த்தார். ஜுரமும் சுகரும் சேர்ந்து இருந்ததால் அட்மிட் செய்து ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். ஜுரம் இல்லாமல், சின்ன இடமாக இருந்திருந்தால் மாத்திரை கொடுத்து, இரண்டு நாளில் திரும்பக் காட்டச் சொல்லி வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கே பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கே படுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. மருந்து அன்றைக்கே தொடங்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் நிறம் இன்னும் அரை விரல் ஏறியிருந்தது. பையன் பதறிப்போனான். மருந்து தொடங்கிய முதல் 24 மணிநேரத்தில், சில சமயம் 48 மணிநேரம் வரை, ஓரம் கொஞ்சம் முன்னே போவது உண்டு. கிருமி சாகும்போதும் உடம்பின் எதிர்ப்பு அங்கே நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது ஜுரம் இறங்குகிறதா, வலி குறைகிறதா, ஆள் தெளிவாக இருக்கிறாரா என்பதைத்தான். சனிக்கிழமை ஜுரம் இல்லை. சூடு தணிந்தது, தோலில் சுருக்கம் விழுந்தது. வீக்கம் வடிகிறது என்பதற்கு அந்தச் சுருக்கம்தான் அடையாளம். மூன்று நாள் ஊசி, பிறகு 7 நாள் மாத்திரை. பிற்பாடு அந்த இடம் தோல் உரிந்து, பழுப்பு நிறமாகச் சில வாரம் இருந்தது. அது மிச்சமிருக்கும் தழும்பு நிறம். நோய் பாக்கி இல்லை.

இதே கால் வேறு திசையிலும் போயிருக்கலாம். செல்லுலைட்டிஸுக்குக் கீழே, தசையுறையை ஒட்டி ஓடும் ஓர் அழுகல் நோய் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் சுகர்காரர்களைத் தேடி வரும். அதன் முதல் அடையாளம் வலி. மேலே பார்த்தால் லேசான சிவப்பு, ஆனால் ஆள் வலியில் துடிப்பார். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பாலும் தொட விடமாட்டார். அடுத்துத் தோல் கட்டையாக விறைக்கும், நாவல்பழ நிறத்துக்கு மாறும், கலங்கலான நீரோடு கொப்புளம் எழும். பிறகு அந்த இடம் மரத்துப்போய், "இப்ப வலி இல்லை" என்பார். அது நல்ல செய்தி இல்லை, நரம்பு செத்துவிட்டது என்று பொருள். இதற்கு மருந்து மட்டும் போதாது, அழுகிய பாகத்தை அறுத்து எடுத்தாக வேண்டும். அதனால் பார்ப்பதற்கும் வலிக்கும் பொருத்தமில்லாமல் வலி அதிகமாக இருந்தால் ராத்திரி 2 மணியானாலும் கிளம்புங்கள். ஆண்களுக்கு விதைப்பையிலும் அதைச் சுற்றியும் இதே நோய் வரும். வெட்கப்பட்டு ஒரு நாள் மறைத்தால்கூட அந்த நாளை ஈடுகட்ட முடியாது.

சுகர் உள்ளவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல வருஷச் சுகரில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். அவர்களுக்கு வலியே இல்லாமல் கால் சுட்டு வீங்கலாம். அப்போது "வலி இல்லையே" என்பது ஆறுதல் ஆகாது. சூடும் வீக்கமும் ஒரு காலில் மட்டும் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்காலில் நிறம் மாறாமல் வெறும் வீக்கமும் இறுக்கமான வலியும் வந்தாலும் அப்படித்தான், உள் நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டு காலும் ஒரே மாதிரிச் சிவந்து, மாதக்கணக்கில் அரித்துக்கொண்டு, ஜுரம் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் ரத்த ஓட்டக் கோளாறு. அது ஓபிடிக்குக் காத்திருக்கும்.

கிளம்பும் வரை என்ன செய்வது? மெட்டி, கொலுசு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். வீக்கம் ஏறினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். காலை ஒரு தலையணை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் வேண்டாம், அவை உண்மையான வலியின் அளவை மறைத்துவிடும். மழைக்கால ஜுரம் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவையும் கூட்டும். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு வந்தால் அதன் அடியில் தோல் என்ன நிறம் என்றே எங்களால் பார்க்க முடியாது, கழுவி எடுக்கவே கால் மணிநேரம் போய்விடும்.

காலை விட்டுவிட்டு, தள்ளிப்போடக் கூடாத இன்னும் மூன்றைச் சொல்லி வைக்கிறேன். இவையும் பார்வைக்குச் சாதாரணமாகத் தொடங்குபவை.

ஒன்று, ஜுரத்தோடு வரும் புள்ளிகள். வழவழப்பான கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். வரி வரியாக இருக்கும் கட்டிங் சாய் கிளாஸ் இதற்குச் சரிவராது. அழுத்தும்போது புள்ளி வெளுத்தால் ரத்தம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது. தட்டணுக்கள் இறங்கிய டெங்குவிலும் இப்படி வரும், மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்தாலும் வரும். ஜுரமும் வெளுக்காத புள்ளியும் சேர்ந்தால் மறுநாள் என்ற பேச்சே கிடையாது. கறுத்த தோலில் இது எளிதில் தெரியாது, அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

இரண்டாவது, புது மாத்திரைக்குப் பிறகு வரும் தடிப்பு. மாத்திரை தொடங்கி நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் ஜுரமும் உடம்பெங்கும் தடிப்பும் வந்து, கூடவே வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால் அதைச் சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிடாதீர்கள். தோல் அரிக்காமல் வலித்தால், வெந்துபோனது போல எரிந்தால் இன்னும் மோசம். தோல் தாள் தாளாகக் கழன்று வரப்போகிற நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். இதில் அடிக்கடி மாட்டுபவை சில வலிப்பு மாத்திரைகள், யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அட்டையை எடுத்துக்கொண்டு நேராக கேஷுவாலிட்டிக்குப் போங்கள். வலிப்பு மாத்திரை என்றால் நிறுத்திவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, அதற்கு மாற்று அங்கேதான் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கோ மாத்திரைக்கோ பிறகு நிமிஷத்தில் உதடும் நாக்கும் வீங்கி மூச்சு இழுத்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். வெறும் அரிப்புத் தடிப்பு இங்கே தோன்றி அங்கே மறைந்தால், அது பெரும்பாலும் காத்திருக்கும்.

மூன்றாவது அக்கி. நம் ஆட்களில் இன்றைக்கும் ஊருக்குப் போன் போட்டு, அக்கி எழுதுகிறவர் யாராவது இங்கே இருக்கிறாரா என்று விசாரிப்பவர்கள் உண்டு. காவி குழைத்து எழுதினால் குளிர்ச்சியாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மையின் அதே வைரஸ், நரம்பில் தூங்கிக் கிடந்து எழுவது. உடம்பின் ஒரு பாதியில் மட்டும் பட்டையாக வலி வரும், இரண்டு மூன்று நாளில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழும். வைரஸுக்கான மாத்திரை கொப்புளம் தோன்றிய 72 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் அந்த மூன்று நாளும் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள், அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள். கொப்புளம் நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் மட்டும் அன்றைக்கே போக வேண்டும். மூக்கு நுனிக்கு வரும் நரம்பே கண்ணுக்குள்ளும் போகிறது, பார்வை பாதிக்கலாம்.

காத்திருக்கக் கூடியவற்றுக்கும் ஒரு விதி உண்டு. காத்திருக்கும்போது எதையும் தடவாமல் காத்திருங்கள். படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுக்கும், மூன்று நான்கு மருந்து கலந்த கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ அடியில் நிம்மதியாக வளரும். வட்டத்தின் ஓரம் கலைந்து, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். ஒரு வாரம் தாமதமாக வந்த படர்தாமரையை ஆற்றுவது சுலபம், மூன்று மாதம் கிரீம் தடவி வந்ததை ஆற்றுவது பெரும்பாடு. அரிக்காத, வெளிறிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த படையும் காத்திருக்கும், ஆனால் மாதக்கணக்கில் இல்லை. அது தொழுநோயாக இருந்தால் மருந்து அரசு மையங்களில் இலவசம், சீக்கிரம் தொடங்கினால் விரல்கள் பிழைக்கும்.

கேஷுவாலிட்டிக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சயனோ பரேலோ, பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் தோல் ஓபிடி பகலில்தான் இருக்கும், கேஷுவாலிட்டி ராத்திரியும் திறந்திருக்கும். கேஸ் பேப்பர் எழுதும் இடத்தில் வெறுமனே "தோல் பிரச்சினை" என்று சொன்னால் காலையில் வரச் சொல்லக்கூடும். "நேற்று ராத்திரி குளிர் ஜுரம், காலை 7 மணிக்கு இங்கே இருந்தது, இப்போது இங்கே வந்துவிட்டது, சுகர் இருக்கிறது" என்று கோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். அத்தையின் பையன் அப்படித்தான் சொன்னான். பத்து நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அத்தைக்கு இப்போது கால் நன்றாக இருக்கிறது. ஒரு தடவை வந்த காலில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதால், சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை கிரீமை நாலு வாரம் விடாமல் போட்டார். மழையில் போய் வந்தால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியை விரலிடுக்கில் கொடுத்து இழுத்து ஈரம் போகத் துடைக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கீழிருந்து குரல் கொடுத்து, "தங்கச்சி, ஒரு பேனா இருந்தா கொண்டா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.